12637-ஆ, 12638-ஆ?

இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் சென்னை எழும்பூரிலிருந்து ஒரு பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரைக்குக் கிளம்புகிறது. அதே ஒரு மணி நேரத்துக்குள் மதுரையிலிருந்து இன்னொரு பாண்டியன் எக்ஸ்பிரஸ் சென்னைக்குக் கிளம்புகிறது. நள்ளிரவு தாண்டியதும் விருத்தாசலம், அரியலூர் பக்கம் இரண்டும் ஒன்றையொன்று கடக்கின்றன. விடியும் முன் ஒன்று மதுரையை நெருங்க, மற்றொன்று சென்னையை நெருங்குகிறது.

நாம் இதைப் ‘பாண்டியன்’ என்று ஒரே வண்டியாகப் பேசுகிறோம். ரயில்வேக்கு இவை இரண்டு வண்டிகள். எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போவது 12637. மதுரையிலிருந்து எழும்பூருக்கு வருவது 12638. வெளியூரிலிருந்து வருகிறவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகும் பலர் இந்த ஒரு இலக்க வித்தியாசத்தில்தான் தடுமாறுகிறார்கள். அலைபேசியில் தவறான எண்ணைத் தட்டினாலும் ‘தவறு’ என்று எதுவும் சொல்லாது. உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியின் சரியான நிலவரத்தைக் காட்டும். அது நமக்கு வேண்டிய வண்டி இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு எண் எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். ரயில்வே கோட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு கன்ட்ரோல் அலுவலகம் உண்டு. தன் பகுதியில் ஓடும் எல்லா வண்டிகளையும் அங்கிருக்கும் கன்ட்ரோலர் ஒரு வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் நேரம், இன்னொரு பக்கம் ஸ்டேஷன்களின் வரிசை. ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்கோடு. சென்னையை விட்டுப் போகும் வண்டியின் கோடு ஒரு பக்கமாகச் சாயும், சென்னைக்கு வரும் வண்டியின் கோடு எதிர்ப்பக்கமாகச் சாயும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அந்த இரண்டு வண்டிகளும் சந்திக்கின்றன. முன்பு காகிதத்தில் பென்சிலால் வரைந்ததை இப்போது கணினி வரைகிறது. கோடுகள் அதேதான். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் ‘லைன் கிளியர்’ கேட்கும்போதும் வண்டியின் எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறார். எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஓட்டுநருக்குத் தரும் எச்சரிக்கைத் தாளிலும் அந்த எண்ணே இருக்கும். ஒரே இரவில், ஒரே தடத்தில், எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளுக்கு ஒரே எண் இருந்தால் இந்த வேலைகளில் ஒன்றுகூட நடக்காது.

சென்னை–மதுரைப் பாதை முழுக்க இரட்டைப் பாதையாவதற்கு முன்பு இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ஒற்றைப் பாதையில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஒரு வண்டி ஸ்டேஷனின் கிளைத்தடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். எது நிற்பது, எது போவது என்பது ஒவ்வொரு இரவும் எண் சொல்லித்தான் முடிவாகும். ‘கிராசிங்’ என்று நாம் சலித்துக்கொண்ட காத்திருப்பு அதுதான்.

ஆக, எண் பெட்டிகளுக்கு உரியதல்ல. ஒரு ஊரில் தொடங்கி இன்னொரு ஊரில் முடியும் அந்த ஓட்டத்துக்கு உரியது. காலையில் 12638 ஆக எழும்பூருக்குள் வந்த பெட்டித்தொடர், பகலில் கழுவிச் சோதிக்கப்பட்டு, இரவில் 12637 ஆக மதுரைக்குத் திரும்பலாம். பெட்டி அதே பெட்டி, எண் மாறிவிடும். அதனால்தான் பல வண்டிகளில் பெட்டியின் பக்கவாட்டில் மாட்டிய பலகையில் 12637/12638 என்று இரண்டு எண்களும், இரண்டு ஊர்களின் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. போகும்போதும் வரும்போதும் பலகையைக் கழற்றி மாட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. அந்தப் பலகையைப் பார்த்து வண்டி எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல முடியாது. பிளாட்பாரத்தின் மின்பலகையும் ஒலிபெருக்கியும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். நம்ப வேண்டியது அதைத்தான்.

ஒற்றைப்படை எண் எந்தத் திசைக்கு? தென்னக ரயில்வேயின் வண்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு விடை எளிது போலத் தோன்றும். நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்து போகும்போது 12631, திருநெல்வேலியிலிருந்து வரும்போது 12632. நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்துக்குப் போகும்போது 12671, வரும்போது 12672. சேரன் கோவைக்குப் போகும்போது 12673, வரும்போது 12674. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் 12633, 12634. சென்னையிலிருந்து புறப்பட்டால் ஒற்றைப்படை, சென்னைக்கு வந்தால் இரட்டைப்படை என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. டவுன் என்றால் ஒற்றைப்படை, அப் என்றால் இரட்டைப்படை என்றும் சிலர் சொல்வார்கள்.

இந்தக் கணக்கு தமிழ்நாட்டுக்குள் பெரும்பாலும் பலிக்கும். வெளியே போனால் உடைந்துவிடும். சென்னை சென்ட்ரலிலிருந்து ஹவுராவுக்குப் போகும் மெயிலின் எண் 12840. ஹவுராவிலிருந்து சென்னைக்கு வருவது 12839. கோரமண்டல் எக்ஸ்பிரஸும் அப்படியே. ஷாலிமாரிலிருந்து புறப்படுவது 12841, சென்னையிலிருந்து புறப்படுவது 12842. அகமதாபாத் போகும் நவஜீவன் சென்னையிலிருந்து 12656. இந்த வண்டிகள் தென்னக ரயில்வேயுடையவை அல்ல. கோரமண்டலும் ஹவுரா மெயிலும் தென்கிழக்கு ரயில்வேயின் வண்டிகள், நவஜீவன் மேற்கு ரயில்வேயின் வண்டி. தங்கள் ஊரிலிருந்து கிளம்பும் ஓட்டத்துக்கு அவர்கள் ஒற்றைப்படை எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். வண்டியைச் சொந்தமாக வைத்திருக்கும் மண்டலத்திலிருந்து புறப்படும் ஓட்டத்துக்கு ஒற்றைப்படை என்பது பொதுவழக்கம்.

அதையும் கண்மூடி நம்ப வேண்டாம். கன்னியாகுமரிக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில், கன்னியாகுமரியிலிருந்து புறப்படுவது 16525, பெங்களூரிலிருந்து புறப்படுவது 16526. பெரிய நகரத்திலிருந்து கிளம்புவதுதான் ஒற்றைப்படை என்று நினைத்துப் பெங்களூரிலிருந்து நாகர்கோவில் வருகிறவருக்காக 16525-ஐத் தேடினால் எதிர்த்திசை வண்டி கிடைக்கும்.

அப், டவுன் என்ற சொற்களும் இதில் உதவாது. இங்கிலாந்தில் லண்டனை நோக்கிப் போவது அப். அந்த வழக்கம் இங்கே வந்தபோது ஒவ்வொரு ரயில்வே கம்பெனியும் தன் தலைமையிடத்தை வைத்து அதைப் பொருத்திக்கொண்டது. நம் பக்கம் சென்னையை விட்டுப் போவது டவுன், சென்னைக்கு வருவது அப். ஆனால் கிழக்கிந்திய ரயில்வேயில் ஹவுராவிலிருந்து டெல்லிப் பக்கம் போவதுதான் அப். புகழ்பெற்ற கால்கா மெயில் ஹவுராவிலிருந்து புறப்படும்போது ‘1 அப்’, திரும்பும்போது ‘2 டவுன்’. அங்கேயும் ஹவுராவிலிருந்து கிளம்பியது ஒற்றைப்படைதான், ஆனால் அது அப். ஆகவே அப்பா டவுனா என்று யோசித்து எண்ணைக் கண்டுபிடிக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

பழைய எண்கள் இன்றைய எண்களின் வாலில் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது ஓர் அழகு. பிருந்தாவன் ஒரு காலத்தில் 39, 40 என்ற எண்களில் ஓடியது. 1989-இல் நாடு முழுவதும் நான்கு இலக்க முறை வந்தபோது 2639, 2640 ஆனது. 2010 டிசம்பர் 20 முதல் எல்லா எண்களும் ஐந்து இலக்கமானபோது முன்னால் ஒரு 1 சேர்ந்து 12639, 12640 ஆனது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸின் 15, 16 இன்று 12615, 12616. எண் நீண்டுகொண்டே போயிருக்கிறது, ஜோடி மட்டும் குலையவில்லை.

இனி தேடுவதற்கு வருவோம். டிக்கெட் எடுக்கும்போது இந்தத் தவறு அதிகம் நடப்பதில்லை. ஐ.ஆர்.சி.டி.சி.யில் புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி மூன்றையும் கொடுத்தால் அந்தத் திசையில் போகும் வண்டிகள் மட்டுமே வரும். கவுன்டரில் படிவத்தில் மதுரையிலிருந்து சென்னைக்கு 12637 என்று எழுதிக் கொடுத்தாலும் கணினி ஏற்றுக்கொள்ளாது, ஏனென்றால் அந்த வண்டியில் மதுரைக்குப் பிறகு சென்னை வருவதில்லை. இடம் இருக்கிறதா என்று எண்ணை மட்டும் வைத்துப் பார்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 12637-க்கும் 12638-க்கும் இட ஒதுக்கீடு, காத்திருப்புப் பட்டியல், சார்ட் எல்லாம் தனித்தனி. ஒன்றில் இடம் நிறைந்துவிட்டது என்பதால் மற்றதிலும் இல்லை என்று சொல்ல முடியாது.

சிக்கல் பெரும்பாலும் வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கும்போதுதான் வருகிறது. அங்கே எண்ணை மட்டும் தட்டினால் போதும், ஊர் கேட்பதில்லை. பெயரைத் தட்டினாலும் ‘பாண்டியன்’ என்று இரண்டு வரிகள் ஒரே மாதிரி வந்து நிற்கும். மேலே இருப்பதைத் தொட்டுவிடுகிறோம். 12637 சிறிய எண் என்பதால் பட்டியலில் அதுதான் பெரும்பாலும் மேலே இருக்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா வியாழக்கிழமை இரவு மதுரையில் ஏறுகிறார், தாம்பரத்தில் இறங்க வேண்டும். மகள் வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து 12637 என்று தேடுகிறாள். வண்டி திண்டுக்கல் பக்கம் இருப்பதாகத் திரை காட்டுகிறது. அப்பா ஆறேழு மணி நேரமாகியும் திண்டுக்கல்லையே தாண்டவில்லையா, வண்டி ஏதோ தாமதம் போலிருக்கிறது, இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்து மறுபடி படுத்துவிடுகிறாள். உண்மையில் அவள் பார்த்தது சென்னையிலிருந்து கிளம்பி மதுரையை நெருங்கிக்கொண்டிருந்த வண்டி. அப்பா வரும் 12638 அந்த நேரத்தில் செங்கல்பட்டுப் பக்கம் வந்திருக்கும். செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் அரை மணி நேரத் தூரம். உடனே கிளம்பியிருக்க வேண்டியவள் தூங்கிக்கொண்டிருக்க, வயதான மனிதர் பையோடு பிளாட்பாரத்தில் நிற்கிறார்.

இதைவிட மோசமானது தலைகீழாக நடப்பது. 12638 வழியில் எங்கோ இரண்டு மணி நேரம் நின்றுவிட்டிருக்கும். 12637 சரியான நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ‘நேரப்படி ஓடுகிறது’ என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு நள்ளிரவிலேயே ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்திருப்போம். பகல்வண்டியில் இந்தப் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். வைகை மதுரையிலிருந்து காலையில் 12636 ஆகப் புறப்படுகிறது, எழும்பூரிலிருந்து பிற்பகலில் 12635 ஆகப் புறப்படுகிறது. காலை ஒன்பது மணிக்கு 12635-ஐத் தேடினால் வண்டி இன்னும் கிளம்பவே இல்லை என்று வரும், உடனே விழித்துக்கொள்வோம். இரு முனையிலிருந்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் சேரும் பாண்டியன் போன்ற இரவு வண்டிகளில் நேரங்களும் ஒத்துப்போவதால் சந்தேகமே எழாது.

தவறைக் கண்டுகொள்ள ஸ்டேஷன் வரிசையைப் பார்ப்பதே சரியான வழி. அந்த மகள் திரையை மேலே தள்ளிப் பார்த்திருந்தால் முதல் ஸ்டேஷனாக எழும்பூர் இருந்திருக்கும். அடுத்து தாம்பரம், அதற்கு எதிரே ‘முந்தைய நாள் இரவு புறப்பட்டுவிட்டது’ என்று இருந்திருக்கும். நம் ஆள் இறங்க வேண்டிய ஊர் பட்டியலின் தலையில் இருந்தால், அல்லது அவர் இறங்கும் ஊர் அவர் ஏறிய ஊருக்கு மேலே இருந்தால், எதிர்த்திசை எண்ணைப் பிடித்துவிட்டோம் என்று பொருள். எண்ணை ஒன்று கூட்டியோ குறைத்தோ மறுபடி தேட வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டுங்கள், இரட்டைப்படையாக இருந்தால் ஒன்று குறையுங்கள். நாம் அன்றாடம் பார்க்கும் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜோடி இப்படியே அமைகிறது.

இதற்கு முன்பே தப்பிக்க வேண்டுமானால் எண்ணில் தொடங்கக் கூடாது. ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியிலும் தளத்திலும் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலான வண்டிகளைத் தேடும் வசதி இருக்கிறது. புறப்படும் இடத்தில் மதுரை, அதாவது MDU, சேரும் இடத்தில் எழும்பூர், அதாவது MS என்று கொடுத்தால் 12637 அந்தப் பட்டியலில் வரவே வராது. அங்கே கிடைக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு போய் நிலவரம் பார்த்தால் திசை தவற வாய்ப்பே இல்லை. அழைத்துவரப் போகிறவர்கள் செய்ய வேண்டியது இந்த ஒரு சின்ன வேலைதான்.

சரியான எண்ணைத் தட்டிய பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. அது தேதி. சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், 12621, புதுடெல்லி சேரச் சுமார் 33 மணி நேரம் ஆகிறது. முதல் நாள் கிளம்பியது டெல்லி சேருமுன் மறுநாள் வண்டி சென்னையிலிருந்து புறப்பட்டுவிடும். அந்த நேரத்தில் 12621 என்ற எண்ணில் இரண்டு வண்டிகள் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரிப்பது, வண்டி அதன் முதல் ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய தேதி மட்டும்தான். அதனால்தான் நிலவரம் காட்டும் திரையில் கிளம்பிய தேதியும் சேர்ந்தே வருகிறது.

ஒரே இரவில் முடியும் பயணத்திலும் இது குழப்பும். 12637-இல் திருச்சியில் ஏறி மதுரை போகிறவருக்கு வண்டி நள்ளிரவுக்குப் பிறகுதான் வரும். அவர் டிக்கெட்டில் ஏறும் தேதி வெள்ளி என்றால், வண்டி எழும்பூரில் கிளம்பியது வியாழன். நிலவரம் பார்க்கும்போது வெள்ளிக்கிழமை கிளம்பும் வண்டியைத் தேர்ந்தெடுத்தால் ‘இன்னும் புறப்படவில்லை’ என்றுதான் வரும். அவர் பார்க்க வேண்டியது வியாழக்கிழமை கிளம்பிய வண்டியை.

எதிர்த்திசை எண்ணைத் தெரிந்தே பார்க்க வேண்டிய நேரமும் உண்டு. திருநெல்வேலி வந்தே பாரத் காலையில் 20666 ஆகத் திருநெல்வேலியில் கிளம்பிப் பிற்பகலில் எழும்பூர் வருகிறது. வந்த பெட்டித்தொடரே சுமார் ஒரு மணி நேர இடைவெளியில் 20665 ஆகத் திரும்பிக் கிளம்புகிறது. எழும்பூரில் பிற்பகல் வண்டியைப் பிடிக்கப் போகிறவர் மதியம் 20666 எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. அது திருச்சியிலேயே இரண்டு மணி நேரம் தாமதம் என்றால், 20665-உம் நேரத்துக்குக் கிளம்பாது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். பாண்டியனில் இப்படிப் பார்த்துப் பயனில்லை. காலையில் வந்த பெட்டிகளுக்கு இரவு வரை நேரம் இருக்கிறது, ஒன்றிரண்டு மணி நேரத் தாமதம் அதில் கரைந்துவிடும்.

பண்டிகைக் காலச் சிறப்பு வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் எண் 0 என்று தொடங்கும். வாரத்துக்கு ஒருமுறை ஓடும் சிறப்பு வண்டிகளில் போகும் எண்ணும் வரும் எண்ணும் வெவ்வேறு கிழமையில் ஓடும். தவறான எண்ணைத் தட்டினால் அன்று அந்த வண்டி ஓடுவதில்லை என்றே பதில் வரலாம். அதைப் பார்த்து வண்டி ரத்து என்று பதறாமல், ஜோடி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அலைபேசியில் பழைய செய்திகளைத் தேடி எண் எடுக்கிறவர்களும் கவனிக்க வேண்டும். கொரோனா காலத்தில் வழக்கமான வண்டிகளும் சிறப்பு வண்டிகளாக ஓடியபோது பாண்டியனுக்கே 02637, 02638 என்று எண் இருந்தது. அந்த எண்ணை இன்று போட்டால் பாண்டியன் கிடைக்காது.

ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் ‘பாண்டியன்ல வர்றேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் டிக்கெட்டில் வண்டி எண் அச்சாகியிருக்கிறது. அந்த ஐந்து இலக்கங்களையும், வண்டி அதன் முதல் ஸ்டேஷனில் கிளம்பும் தேதியையும், நீங்கள் இறங்கும் ஸ்டேஷனையும் ஒரே வரியில் எழுதி, அழைக்க வருகிறவருக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள்.